இரண்டாவது அடுப்பின் மேல் விழுந்த பழி

எங்கள் வீட்டில் மூன்று பண்டங்களுக்கு மட்டும் மறுநாள் என்பதே கிடையாது. கீரை, பீட்ரூட், வேகவைத்த உருளைக்கிழங்கு. மீந்தால் அன்று இரவே குப்பைக்குப் போய்விடும். இது அத்தை போட்ட சட்டம். "மத்ததை எல்லாம் சூடு பண்ணிச் சாப்பிடலாம். இந்த மூணும் ரெண்டாவது தடவை அடுப்பு ஏறினா விஷமா மாறிடும்" என்பார். ஏன் என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். திருமணமாகி வந்த புதிதில் நான் எதிர்த்துப் பேசவில்லை. மனதுக்குள் சிரித்துக்கொண்டதோடு சரி.

சிரித்த வாயை மூட வைத்தது ஓர் உருளைக்கிழங்குப் பாத்திரம். அத்தை வீட்டில் இல்லாத நாள். மாலையில் விருந்தாளிகள் வருவதாக இருந்ததால் மதியம் ஒரு மணிக்கு இரண்டரை கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்து, நீரை வடித்து, தோலை உரித்து, பெரிய பாத்திரத்தில் மூடி வைத்தேன். வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. பாத்திரம் அடுப்பு மேடையிலேயே கிடந்தது. இரவு பத்து மணிக்குப் பசித்தபோது அதிலிருந்து இரண்டு கை எடுத்து மசித்து, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டேன். வாசனையிலோ ருசியிலோ ஒரு குறையும் தெரியவில்லை. பன்னிரண்டரைக்கு வாந்தி தொடங்கியது. விடிவதற்குள் ஏழு முறை. கணவர் அதைத் தொடவே இல்லை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மதியத்துக்குள் எனக்கும் சரியாகிவிட்டது.

அத்தை வந்து கேட்டதும் சொன்ன ஒரே வார்த்தை: "சொன்னேன் இல்ல?" என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகு இரண்டு வருடம் நானும் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றினேன், அவரைவிடக் கறாராக.

பிறகு ஒரு பெரிய சமையலறையில் வேலை கிடைத்தது. ஒரு வேளைக்கு நானூறு பேருக்குச் சமைக்கிற இடம். உணவுக்குள் கம்பியைக் குத்தி வெப்பத்தைப் பார்க்கும் தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும்தான் என் ஆயுதங்கள். சமைத்து இறக்கியபோது எவ்வளவு, ஆறும்போது எவ்வளவு, மறுபடி சூடாக்கியபோது எவ்வளவு என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே கீரையும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் மற்ற எல்லாவற்றையும் போல ஆறவைக்கப்பட்டு, குளிரில் வைக்கப்பட்டு, மறுநாள் சூடாக்கப்பட்டன. ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை. அப்படியானால் எனக்கு மட்டும் அன்று என்ன ஆனது?

ஒரு விடுமுறை நாளில் அதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். அதே பாத்திரம், அதே இரண்டரை கிலோ, அதே மூடி. நடுக்கிழங்கு ஒன்றில் கம்பியைக் குத்திவைத்து, மணிக்கொருமுறை குறித்தேன். ஒரு மணிக்கு 94 டிகிரி செல்சியஸ். இரண்டு மணிக்கு 76. மூன்று மணிக்கு 63. அப்புறம் 54, 47, 42 என்று சோம்பேறித்தனமாக இறங்கியது. இரவு எட்டு மணிக்கு 36. பத்து மணிக்கு 33. பாத்திரத்தின் வெளிப்புறம் ஐந்து மணிக்கே தொட்டால் ஆறிப்போனது போலத்தான் இருந்தது. உள்ளே அது இளஞ்சூட்டுத் தொட்டில்.

பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும் எல்லை, தோராயமாக 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. அதிலும் 30க்கும் 45க்கும் நடுவே பலவற்றுக்குக் கொண்டாட்டம். என் கிழங்கு மூன்றரை மணிக்குள் 60க்குக் கீழே வந்துவிட்டது. பத்து மணிவரை கணக்குப் போட்டால் ஆறரை மணி நேரத்துக்கு மேல் அந்த எல்லைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

கொதித்த கிழங்கில் பாக்டீரியா எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். மண்ணில் வாழும் சில வகைகள், நிலைமை மோசமானால் கெட்டியான ஓடு போட்ட வித்துகளாக மாறிவிடும். பேசில்லஸ் சீரியஸ் அப்படிப்பட்ட ஒன்று. கொதிநீர் அதன் வித்துகளைக் கொல்லாது. கூட இருந்த மற்ற கிருமிகளைத்தான் கொல்லும், அதாவது போட்டியாளர்களை ஒழித்துக் கொடுக்கும். சூடு மெல்ல இறங்கும்போது வித்து முளைக்கும், பெருகும். அதில் ஒரு ரகம் வாந்தியை உண்டாக்கும் நச்சை உணவிலேயே சுரந்துவைக்கும். அந்த நச்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாதது. வீட்டு அடுப்பில் பத்து நிமிடம் சூடாக்கியதெல்லாம் அதற்குத் தூசு. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். என் கதையோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னொரு சந்தேக நபரும் உண்டு. அன்று நான் வெறும் கையால் தோல் உரித்தேன், விரலில் கத்தி பட்ட காயம் இருந்தது. தோலிலும் காயத்திலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கையிலிருந்து உணவுக்குத் தாவும். அதன் நச்சும் கொதிக்கவைத்தால் போகாது, அதுவும் சில மணி நேரத்திலேயே வாந்தியைக் கொண்டுவரும். மீதிக் கிழங்கை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, ஆகவே இருவரில் யார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எவராக இருந்தாலும் வேலை முடிந்தது நான் மறுபடி அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே.

அத்தையின் சட்டம் எப்படிப் பிறந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. மீந்த உணவைச் சாப்பிட்டவருக்கு உடம்புக்கு வந்தது. கடைசியாக என்ன செய்தார்? சூடாக்கினார். கண்ணுக்குத் தெரிந்த செயல் அது ஒன்றுதான். நடுவே ஒன்பது மணி நேரம் பாத்திரம் சும்மா இருந்தது யார் நினைவிலும் நிற்காது. சும்மா இருப்பதை யாரும் ஒரு செயலாக எண்ணுவதில்லை.

உருளைக்கிழங்கு விஷயத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒரு சம்பவம் 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் நடந்தது. ஓர் உணவகத்தில் அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கை, சுற்றிய தாளைப் பிரிக்காமலே அறை வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்திருந்து, அதிலிருந்து தொட்டுக்கொள்ளும் கலவை தயாரித்தார்கள். 30 பேருக்கு பொட்டுலிசம் என்ற நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் வந்தது. தாளுக்குள் காற்று இல்லை, ஈரம் உண்டு, சூடும் உண்டு. அந்தக் கிருமிக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. இதில் வேடிக்கை, பொட்டுலிசத்தின் நச்சு சூட்டுக்கு அழியக்கூடியது. உள்ளே வரை 85 டிகிரி ஏறி ஐந்து நிமிடம் இருந்தால் சிதைந்துவிடும். ஆக, அந்தக் கலவையைப் பரிமாறும் முன் நன்றாகச் சூடாக்கியிருந்தால் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அதற்காக வெளியே கிடந்த கிழங்கைக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த நச்சு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது.

சரி, கீரைக்கும் பீட்ரூட்டுக்கும் வருவோம். இவற்றின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு வேறு. இரண்டிலும் நைட்ரேட் அதிகம், சூடாக்கினால் அது நைட்ரைட்டாக மாறும், நைட்ரைட் விஷம் என்பார்கள். முதல் பகுதி உண்மை. இந்தச் செடிகள் மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். ஒரு கிலோ பசலைக்கீரையில் 1000 முதல் 3000 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். பீட்ரூட்டும் அதிகமாகச் சேர்த்துவைக்கிற கூட்டம்தான். நைட்ரைட் அதிகமானால் கெடுதல் என்பதும் உண்மை. பிழை நடுவில்தான் இருக்கிறது. சமையல் சூட்டுக்கு நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் வேலை தெரியாது. அதைச் செய்வது பாக்டீரியாக்களிடம் இருக்கும் ஒரு நொதி. கொதிக்கும் கீரையில் அந்த பாக்டீரியா சாகத்தான் செய்யும்.

இன்னொன்று, இந்த மாற்றம் நம் வாயிலேயே தினமும் நடக்கிறது. சாப்பிட்ட நைட்ரேட்டில் ஏறக்குறைய கால் பங்கு, ரத்தத்தின் வழியாக உமிழ்நீருக்குத் திரும்பி வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கை நாக்கில் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். 200 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள ஒரு கிண்ணம் கீரை என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிகிராம் உமிழ்நீருக்கு வரும், அதில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் மாறும். பறித்த அரை மணியில் சமைத்துச் சுடச்சுடச் சாப்பிட்டாலும் இதே கணக்குதான். வளர்ந்தவர்களின் உடல் இந்த அளவைச் சாதாரணமாகச் சமாளித்துவிடும்.

இதையும் நான் சோதித்துப் பார்த்தேன். நிறம் மாறி நைட்ரைட்டைக் காட்டும் காகிதப் பட்டைகள் கிடைக்கும், மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமானவை. பசலைக்கீரையை வேகவைத்து, கீரையும் நீருமாக நான்கு கிண்ணங்களில் பிரித்தேன். முதலாவதை உடனே சோதித்தேன். இரண்டாவதை அடுத்தடுத்து மூன்று முறை கொதிக்கவைத்த பின். மூன்றாவதை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்த பின். நான்காவதில் சாப்பிட்ட கரண்டியால் ஒரு கிண்டு கிண்டி, சமையலறை மேடையிலேயே ஒன்றரை நாள் விட்டுவிட்டேன். முதல் மூன்றிலும் பட்டை வெள்ளையாகவே இருந்தது. நான்காவதில் முக்கி எடுத்த சில நொடிகளில் ரோஜா நிறம் ஏறியது. மூன்று முறை கொதித்ததற்கு ஒன்றும் ஆகவில்லை, சும்மா கிடந்ததற்கு ஆகிவிட்டது. இது வீட்டுச் சோதனை, ஆய்வுக்கூடத்துத் துல்லியம் கிடையாது. பீட்ரூட்டில் செய்யப்போய் ஏமாந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் சாற்றில் முக்கினால் எல்லாப் பட்டையும் சிவப்புத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அத்தையின் சட்டம் அப்படியே செல்லுபடியாகும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைகள்.

அக்கா தன் ஐந்து மாதக் குழந்தையோடு வந்திருந்தபோது பசலைக்கீரையை மசித்து ஒரு டப்பாவில் போட்டு, "ரெண்டு மூணு நாளைக்கு வெச்சு சூடு பண்ணிக் குடுக்கலாம்ல? நீதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ற" என்றாள். வேண்டாம் என்றேன். என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

நைட்ரைட் ரத்தத்துக்குப் போனால், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றும். அதைத் திரும்பச் சரிசெய்யும் நொதி நம் ரத்தத்தில் போதிய அளவு இருக்கிறது. பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தையிடம் அது குறைவு. கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபின் மீதமிருப்பது எளிதில் மாறக்கூடியது. வயிற்றில் அமிலமும் குறைவு என்பதால், நைட்ரேட்டை மாற்றும் பாக்டீரியா அங்கேயே குடியேற முடியும். மூன்றும் சேர்ந்தால் உதடும் நகமும் நீலம் பூத்துப்போகும், ரத்தம் சாக்லேட் நிறமாகிவிடும். வீட்டில் மசித்து வைத்திருந்த கீரை வகைகளைக் கொடுத்ததால் குழந்தைகளுக்கு இப்படி ஆனது மருத்துவப் பதிவுகளில் உண்டு. மசிப்பதும் ஒரு காரணம்: இலையின் செல்கள் உடைந்து நைட்ரேட் வெளியே வந்துவிடுகிறது, பாக்டீரியாவுக்கு வேலை மிச்சம். ஃபிரிட்ஜ் இந்த மாற்றத்தை வெகுவாகத் தாமதப்படுத்தும் என்றாலும், ஐந்து மாதக் குழந்தையிடம் அந்த நம்பிக்கையை வைக்க எனக்கு மனம் வராது.

அக்காவிடம் சொன்னது இதுதான்: ஆறு மாதம் முடியட்டும். அதற்குப் பிறகும் சில மாதங்களுக்குக் கீரையும் பீட்ரூட்டும் கொஞ்சமாக, அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே கொடு, மீந்தால் நீ சாப்பிடு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருக்கும் நாள்களில் கீரையே வேண்டாம். உதடு நீலமாகத் தெரிந்தால் எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு, அங்கே அதற்கு மருந்து இருக்கிறது.

மற்றபடி நான் வீட்டில் மாற்றிக்கொண்டது அதிகமில்லை. பெரிய பாத்திரத்தில் ஆறவிடுவதை நிறுத்தினேன். அதே இரண்டரை கிலோ கிழங்கை அகலமான இரண்டு தட்டுகளில், மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, விசிறிக்குக் கீழே வைத்துப் பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் 38 டிகிரிக்கு வந்தது. உடனே ஃபிரிட்ஜில் வைத்தேன். இன்னும் இரண்டரை மணி நேரத்தில் 8. நான் வேலை செய்த இடத்தில் கடைப்பிடித்த கணக்கு, இறக்கிய சூட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு, அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. வீட்டில் இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்னப் பாத்திரங்களாகப் பிரித்து ஃபிரிட்ஜுக்குள் போய்விட்டால் போதும். லேசான சூடு இருக்கும்போதே வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று காத்திருந்துதான் பலர் தூங்கிப்போகிறார்கள்.

மறுநாள் எடுக்கும்போது சாப்பிடப்போகிற அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதி 75 டிகிரி தாண்டும்வரை சூடாக்குகிறேன். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஓரம் மட்டும் கொதிப்பதை நம்பாமல், கிளறிவிட்டு நடுவிலும் ஆவி வருகிறதா என்று பார்க்கலாம். மைக்ரோவேவில் ஓரம் சுடும், நடு குளிர்ந்திருக்கும், ஆகவே பாதியில் ஒருமுறை எடுத்துக் கிளற வேண்டும். மொத்தப் பாத்திரத்தையும் சூடாக்கி, மீதியை மறுபடி உள்ளே வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் முழுப் பாத்திரமும் அந்த 5–60 வழியாக ஏறி இறங்கும், அதுதான் தொல்லை. எப்போது செய்தது என்று சந்தேகம் வந்தால் கொட்டிவிடுகிறேன். "நல்லா கொதிக்க வெச்சா சரியாயிடும்" என்ற வார்த்தையை மட்டும் வீட்டில் தடை செய்துவிட்டேன்.

உருளைக்கிழங்கில் இன்னொரு குழப்பம். பச்சை பூத்த கிழங்கிலும் முளையிலும் சோலனின் இருக்கும், அது கசக்கும், வேகவைத்தாலும் போகாது. அது அடுப்புக்கு வரும் முன்பே இருப்பது, சூடாக்கியதால் வந்ததல்ல. கொஞ்சம் பச்சையென்றால் ஆழமாகச் சீவிவிடுகிறேன், நிறைய இருந்தால் எறிகிறேன். வேகவைத்த கிழங்கு மறுநாள் சாம்பல் நிறமாவது வேறு கதை. கிழங்கிலுள்ள இரும்பும் இன்னொரு பொருளும் சேர்ந்து காற்றுப்பட்டுக் கறுப்பது, அதனால் தீங்கு இல்லை.

அத்தைக்கு இதையெல்லாம் நான்கு கிண்ணத்தோடும் பட்டையோடும் காட்டினேன். கீரைக்கும் உருளைக்கிழங்குக்கும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். பீட்ரூட்டுக்கு மட்டும் தலையாட்டவில்லை. பல நாள் கழித்துத்தான் காரணத்தைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சின்ன வயதில் மீந்துபோன பீட்ரூட்டைச் சூடாக்கிச் சாப்பிட்டு, மறுநாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போய், ரத்தம் என்று பயந்து அழுதாராம். பத்தில் ஒருவருக்காவது அப்படிப் போகும், பீட்ரூட்டின் சாயம்தான் அது, அன்றைக்குச் செய்ததைச் சாப்பிட்டாலும் போகும் என்றேன்.

"அப்பவே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார். பீட்ரூட்டை இன்னமும் மறுநாளுக்கு வைப்பதில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அளவாகச் சமைத்துவிடுகிறேன்.